ரோமோடு முறிவு ஒரு கணக்கு, மடங்களின் மூடல் இன்னொரு கணக்கு

எட்டாம் ஹென்றி ஏன் போப்பாண்டவரோடு உறவை முறித்துக்கொண்டார் என்று கேட்டால், வரலாறு படிக்கிற மாணவர் யாரும் தயங்காமல் பதில் எழுதிவிடுவார்: கேத்தரினை விலக்கிவிட்டு ஆன் போலினை மணப்பதற்காக. இந்தப் பதில் சரியானதுதான். அடுத்த கேள்வி, மடங்களை ஏன் மூடினார் என்பது. அங்கேதான் பலருடைய விடை சறுக்குகிறது. முதல் கேள்விக்கு எழுதியதையே கொஞ்சம் நீட்டி எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஆன் போலின் அரசியானது 1533இல். மடங்களை மூடும் முதல் சட்டம் வந்தது 1536 மார்ச்சில். அடுத்த இரண்டு மாதங்களில் ஆன் போலினின் தலையே வெட்டப்பட்டுவிட்டது. கடைசி மடம் மூடப்பட்டபோது 1540 பிறந்திருந்தது. ஒரு திருமணத்தால் இவ்வளவையும் விளக்கிவிட முடியாது. இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் எந்த இடத்தில் இணைகின்றன, எந்த இடத்தில் பிரிகின்றன என்பது பிடிபட்டால் தேர்வில் இப்பாடத்தின் பெரிய கேள்விகள் எல்லாவற்றையும் எதிர்கொள்ளலாம்.

திருமண வழக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஸ்பெயின் இளவரசி கேத்தரின் முதலில் ஹென்றியின் அண்ணன் ஆர்தரை மணந்தவர். ஆர்தர் 1502இல் இறந்தார். அண்ணன் மனைவியை மணக்கத் திருச்சபைச் சட்டம் இடம் கொடுக்காது என்பதால், போப் இரண்டாம் ஜூலியஸிடம் சிறப்பு அனுமதி வாங்கித்தான் 1509இல் ஹென்றி அவரை மணந்தார். பிறந்த குழந்தைகளில் தங்கியது மேரி என்ற மகள் மட்டுமே. ஆண் வாரிசு இல்லாததற்குக் காரணம் இந்தத் திருமணமே கடவுள் கட்டளைக்கு மாறானது என்பதுதான் என்று ஹென்றி நம்பத் தொடங்கினார். எனவே அவர் கேட்டது இன்றைய பொருளில் விவாகரத்து அல்ல. அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது, முன்னாள் போப் கொடுத்த அனுமதியே தவறு என்று இன்னாள் போப் தீர்ப்பளிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. எந்தப் போப்புக்கும் இது சங்கடமான கோரிக்கைதான். ஏழாம் கிளெமென்டுக்கோ அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. 1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் ரோம் நகரைச் சூறையாடியிருந்தன. அந்தச் சார்லஸ் கேத்தரினின் அக்காள் மகன். தலைக்கு மேல் கத்தியாக நிற்பவனின் சித்தியை விலக்கி வைக்கும் தீர்ப்பை எந்தப் போப் எழுதுவார்? 1529இல் லண்டனில் கூடிய விசாரணை தீர்ப்பில்லாமலே ஒத்திவைக்கப்பட்டது. அதைச் சாதித்துத் தருவதாக இருந்த கார்டினல் உல்சி பதவி இழந்தார்.

இனித்தான் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. ஹென்றி ஒரே நாளில் ரோமோடு முறித்துக்கொள்ளவில்லை. 1529 நவம்பரில் கூட்டிய நாடாளுமன்றத்தை 1536 வரை கலைக்காமல் வைத்திருந்து, அதன் வழியே ஒவ்வொரு கயிறாக அறுத்தார். முதலில் பணத்தில் கை வைத்தார். புதிதாகப் பதவியேற்கும் ஆயர் தம் முதல் ஆண்டு வருமானத்தை ரோமுக்கு அனுப்புவது வழக்கம். 1532இல் வந்த சட்டம் அதைக் கிட்டத்தட்ட முழுதுமாக நிறுத்தியது. ஆனால் எப்போது நடைமுறைக்கு வர வேண்டும் என்பதை அரசர் கையில் விட்டது. போப்பை வழிக்குக் கொண்டுவருவதற்கான நெருக்குதல் அது. அதே ஆண்டு மே மாதம், இனி அரசர் ஒப்புதல் இல்லாமல் திருச்சபை விதி எதையும் இயற்றுவதில்லை என்று ஆயர்களும் குருக்களும் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாளே தாமஸ் மோர் அரசின் தலைமைப் பதவியிலிருந்து விலகினார்.

1532 ஆகஸ்டில் கேன்டர்பரி பேராயர் வார்ஹம் இறந்தது ஹென்றிக்கு வழி திறந்துவிட்டது. அந்த இடத்துக்குத் தாமஸ் கிரான்மரை அவர் முன்மொழிய, ரோமும் ஒப்புதல் ஆணை அனுப்பிவிட்டது. அந்த ஆணை வந்த கையோடு 1533 வசந்தத்தில் நாடாளுமன்றம் மேல்முறையீட்டுத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. திருமணம், உயில் போன்ற வழக்குகளை இங்கிலாந்துக்கு வெளியே யாரிடமும் கொண்டுபோகக் கூடாது என்பது அதன் சாரம். இங்கிலாந்து தனக்கு மேல் எவரையும் ஏற்காத ஒரு பேரரசு என்று அதன் முகவுரை அறிவித்தது. கேத்தரின் ரோமுக்குச் செய்த முறையீட்டுக்கு இனி இங்கே மதிப்பில்லை. மே 23ஆம் தேதி டன்ஸ்டபிளில் கூடிய நீதிமன்றத்தில் திருமணம் செல்லாது என்று கிரான்மர் தீர்ப்பளித்தார். ஜூன் முதல் நாள் ஆன் போலினுக்கு முடிசூட்டினார்கள். செப்டம்பரில் எலிசபெத் பிறந்தாள். முறிவுக்கான சட்டம் எது என்று ஒரே ஒரு பெயர் கேட்டால் பலரும் 1534ஐச் சொல்வார்கள். என் கணிப்பில் முதுகெலும்பு இந்த 1533 சட்டம்தான். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் ரோமிடமிருந்து போனது இதில்தான்.

1534 நவம்பரில் வந்த தலைமைச் சட்டம் அதற்கு மகுடம் வைத்தது. அதன் சொல்லமைப்பைக் கவனியுங்கள். நாடாளுமன்றம் அரசருக்குத் திருச்சபைத் தலைமையை வழங்கவில்லை. அவர் ஏற்கெனவே தலைவராக இருப்பதை அறிவித்து, அதற்குரிய உரிமைகளைச் செயல்படுத்த வழிசெய்தது. கொடுத்தது நாடாளுமன்றம் என்றால் நாளை அதுவே பறிக்கவும் முடியும் அல்லவா? 1531இல் குருக்கள் இதே பட்டத்தை ஏற்றபோது, கிறிஸ்துவின் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு என்று ஒரு வாசகத்தைச் சேர்த்துத் தங்கள் மனச்சான்றைக் காத்துக்கொண்டார்கள். 1534இல் அந்த வாசகம் இல்லை. அதே கூட்டத்தொடரில் வந்த தேசத்துரோகச் சட்டம், அரசரின் பட்டத்தைக் கெட்ட நோக்கோடு வாயால் மறுத்தாலே மரண தண்டனை என்றது. 1535 ஜூனில் ஆயர் ஜான் ஃபிஷரும் ஜூலையில் தாமஸ் மோரும் அதற்குப் பலியானார்கள். அவர்களுக்கு முன்பே, மே மாதத்தில், கார்த்தூசியன் துறவிகள் சிலர் அதே காரணத்துக்காகக் கொடூரமாகக் கொல்லப்பட்டிருந்தார்கள்.

இதுவரை மடங்களைத் தொடவே இல்லை. அவற்றின் கதவைத் திறந்தது, பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துபோகிற இன்னொரு சட்டம். தலைமைச் சட்டம் வந்த அதே கூட்டத்தொடரில், முதல் ஆண்டு வருமானமும் ஆண்டுதோறும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கும் அரசருக்குச் சேர வேண்டும் என்று சட்டமானது. ரோமுக்குப் போன பணத்தை அரசர் மிச்சப்படுத்திக் கொடுப்பார் என்று எதிர்பார்த்த குருக்கள் முன்பைவிடப் பல மடங்கு கட்ட வேண்டியதாயிற்று. சரி, பத்தில் ஒரு பங்கு என்றால் எதில் பத்தில் ஒரு பங்கு? ஒவ்வொரு ஆலயமும் மடமும் எவ்வளவு சம்பாதிக்கிறது என்ற கணக்கு அரசிடம் இல்லை. அதைத் தயாரிக்க 1535 தொடக்கத்தில் மாவட்டம்தோறும் ஆணையர்கள் அமர்த்தப்பட்டார்கள். சில மாதங்களில் நாட்டிலுள்ள திருச்சபைச் சொத்து முழுவதற்கும் ஒரு பெரும் கணக்கேடு உருவாகிவிட்டது. லத்தீனில் வலோர் எக்கிளேசியாஸ்திகஸ் என்று அதற்குப் பெயர்.

இரண்டு நிகழ்ச்சிகளையும் இணைக்கும் கண்ணி இந்த ஏடுதான். அரசர் திருச்சபைத் தலைவர் ஆனதால்தான் வரி அவருக்கு வந்தது. வரிக்காகத்தான் கணக்கு எடுத்தார்கள். கணக்கு எடுத்த பிறகுதான் மடங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பது தாமஸ் கிராம்வெல்லின் மேசையில் எண்களாகக் கிடந்தது. மடங்களின் மொத்த வருமானம் அரசரின் வழக்கமான ஆண்டு வருமானத்தை விஞ்சி நின்றது. ரோமோடு முறிவு மடங்களை மூட வைத்தது என்று எழுதினால் பாதிதான் சரி. முறிவு அதற்கான அதிகாரத்தையும் தகவலையும் கொடுத்தது. மூட வேண்டும் என்ற தூண்டுதல் பணத் தேவையிலிருந்து வந்தது.

ஆனால் பணத்துக்காக மூடுகிறோம் என்று எந்த அரசும் சட்டத்தில் எழுதாது. அதற்கு வேறு சான்று வேண்டியிருந்தது. கிராம்வெல் அரசரின் பிரதிநிதியாகத் திருச்சபைக்கு மேல் நின்று, ரிச்சர்ட் லேட்டன், தாமஸ் லீ போன்ற தம் ஆட்களை 1535இலும் 1536 தொடக்கத்திலும் மடங்களைச் சோதிக்க அனுப்பினார். ஒழுக்கக்கேடு, போலிப் புனிதப் பொருள்கள், கடன் என்று அவர்களுடைய குறிப்புகள் நிறைந்தன. இந்தக் குறிப்புகளை எவ்வளவு நம்பலாம் என்பது தேர்வில் சான்று மதிப்பீட்டுக் கேள்வியாக வரக்கூடியது. சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வேகம். வட இங்கிலாந்தின் நூற்றுக்கும் மேற்பட்ட மடங்களை ஒரு குளிர்காலத்தின் சில வாரங்களில் முடித்துவிட்டார்கள். அந்த வேகத்தில் நேர்மையான விசாரணை நடக்க வழியில்லை. இரண்டாவது, வேறொரு கூட்டத்தார் அதே மடங்களைப் பார்த்து எழுதியது. 1536இல் மூடும் வேலைக்காகச் சென்ற ஆணையர்களில் உள்ளூர்ப் பெரிய மனிதர்களும் இருந்தார்கள். அவர்கள் பல இடங்களில் நல்ல சான்றே கொடுத்தார்கள். நார்த்தாம்ப்டன்ஷயரில் கேட்ஸ்பி கன்னியர் மடத்தைப் பார்த்தவர்கள், இவ்வளவு ஒழுங்கான மடத்தை விட்டுவைக்கலாமே என்று கிராம்வெல்லுக்கே எழுதினார்கள். அப்படியும் அந்த மடம் மூடப்பட்டது. குற்றம் இருந்த மடங்களும் இருந்தன. ஆனால் குற்றம் மூடலுக்குக் காரணம் என்றால் கேட்ஸ்பி தப்பியிருக்க வேண்டும்.

1536 சட்டமே இதைக் காட்டிக்கொடுக்கிறது. பன்னிரண்டு பேருக்குக் குறைந்த சிறு மடங்களில் பாவம் மலிந்துவிட்டது, பெரிய மடங்களிலோ சமயம் செம்மையாக நடக்கிறது என்று முகவுரை சொல்கிறது. மூடுவதற்கு வைத்த அளவுகோல் என்ன? ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் கீழ். ஒழுக்கத்தைப் பவுண்டில் அளக்க முடியாது. அந்த எண் வலோர் ஏட்டிலிருந்து வந்தது. அரசருக்குப் பணம் கட்டி விலக்கு வாங்கிய மடங்களும் கணிசமாக இருந்தன. சொத்துகளை வாங்கி, கணக்கு வைத்து, விற்பதற்கென்றே ஆக்மென்டேஷன் நீதிமன்றம் என்ற தனி அலுவலகம் அதே ஆண்டு தொடங்கப்பட்டது.

வடக்கில் மக்கள் இதைப் பொறுக்கவில்லை. 1536 அக்டோபர் முதல் நாள் லிங்கன்ஷயரின் லௌத் ஊரில் கிளர்ச்சி வெடித்தது. அது யார்க்ஷயருக்குப் பரவியபோது ராபர்ட் ஆஸ்க் என்ற வழக்கறிஞர் தலைமை ஏற்றார். அருள் யாத்திரை என்று தங்கள் எழுச்சிக்குப் பெயரிட்டு, கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் பொறித்த கொடியோடு சுமார் 30,000 பேர் திரண்டார்கள். மூடிய மடங்கள் சிலவற்றில் துறவிகளை மீண்டும் குடிவைத்தார்கள். வரிச்சுமை, நிலத் தகராறு, கிராம்வெல் மீதான வெறுப்பு ஆகியவையும் இதில் கலந்திருந்தன. ஆனால் ஏழைக்கு உணவும் வழிப்போக்கனுக்கு இடமும் தந்த மடங்கள் போனால் வடக்கு என்னாகும் என்ற கவலையை ஆஸ்க் தம் விசாரணையில் அழுத்தமாகவே சொன்னார். எதிர்த்து நிற்கும் அளவுக்கு அரசரிடம் அப்போது படை இல்லை. அதனால் நார்ஃபோக் பிரபு மன்னிப்பும் நாடாளுமன்றமும் உறுதியளித்து அவர்களைக் கலைத்தார். 1537 தொடக்கத்தில் சிறு கலகம் ஒன்று மீண்டும் எழ, அதைக் காரணம் காட்டி வாக்குறுதிகள் காற்றில் விடப்பட்டன. ஆஸ்க் யார்க்கில் தூக்கிலிடப்பட்டார்.

கிளர்ச்சி பெரிய மடங்களைக் காப்பாற்றவில்லை. அவற்றின் முடிவை விரைவுபடுத்தியது. கிளர்ச்சியில் தொடர்புடைய மடாதிபதி துரோகி என்று தீர்ப்பானால், அவருடைய சொத்து மட்டுமல்ல, மடத்தின் சொத்து முழுவதுமே அரசருக்கு என்று புதிதாகப் பொருள் கொண்டார்கள். மடாதிபதி மடத்தின் சொத்துக்குக் காவலர்தான், உரிமையாளர் அல்ல என்ற பழைய புரிதல் அங்கே தூக்கி எறியப்பட்டது. 1537 ஏப்ரலில் வடமேற்கின் ஃபர்னஸ் மடம், தானே முன்வந்து ஒப்படைப்பதாகக் கையெழுத்திட்டது. அதுதான் மற்றவற்றுக்கு முன்மாதிரி ஆனது. அடுத்த மூன்றாண்டுகளில் பெரிய மடங்கள் ஒவ்வொன்றாக அதே போன்ற பத்திரத்தில் கையெழுத்திட்டன. பெரிய மடங்களை மூட 1539 சட்டம் உத்தரவிட்டது என்று எழுதுவது பலரும் செய்யும் பிழை. அப்படி ஒரு சட்டம் வரவே இல்லை. 1539 சட்டம், ஒப்படைக்கப்பட்டதும் இனி ஒப்படைக்கப்படுவதும் அரசருக்கே சொந்தம் என்று உறுதி செய்தது, அவ்வளவுதான்.

கையெழுத்திட மறுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சோமர்செட்டின் கிளாஸ்டன்பரி மடம் சாட்சி. வலோர் கணக்கில் அதன் ஆண்டு வருமானம் 3,000 பவுண்டைத் தாண்டியது. வெஸ்ட்மின்ஸ்டருக்கு அடுத்த பணக்கார மடம். அதன் தலைவர் ரிச்சர்ட் வைட்டிங் அப்போது முதியவர். தலைமைச் சட்டத்தின்படி அரசருக்கு உறுதிமொழி எடுத்தவர். 1535இல் சோதிக்க வந்த லேட்டன் அவரைப் பாராட்டி எழுதினார். அதாவது அரசர் கேட்ட பணிவு அத்தனையும் வைட்டிங் காட்டியிருந்தார். மடத்தை மட்டும் கொடுக்கவில்லை. 1539 செப்டம்பரில் அதே லேட்டன் இன்னும் இருவரோடு வந்தார். மடத்தைத் துருவியதில் அரசரின் திருமண வழக்குக்கு எதிரான ஒரு நூலும், ஒளித்து வைத்திருந்த தங்கக் கிண்ணமும் பாத்திரங்களும் கிடைத்ததாக எழுதினார்கள். முன்பு பாராட்டியதற்காக லேட்டன் கிராம்வெல்லிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். வைட்டிங் லண்டன் கோபுரச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். கிராம்வெல்லின் நினைவுக் குறிப்பில், மடாதிபதியை ஊருக்கு அனுப்பி அங்கே விசாரித்து அங்கேயே தண்டனை நிறைவேற்ற வேண்டும் என்று விசாரணைக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது. நவம்பர் 14 வெல்ஸ் நகரில் விசாரணை. மறுநாள் ஊரே பார்க்கும்படி கிளாஸ்டன்பரிக் குன்றின் உச்சியில் இரண்டு துறவிகளோடு அவரைத் தூக்கிலிட்டு, உடலைக் கூறுபோட்டார்கள். குற்றச்சாட்டு கொள்ளை. தம் மடத்தின் பாத்திரங்களைத் தாமே ஒளித்து வைத்ததற்குக் கொள்ளை என்று பெயர். ரெடிங், கோல்செஸ்டர் மடாதிபதிகளுக்கும் அந்த ஆண்டின் கடைசி வாரங்களில் அதே கதி நேர்ந்தது. இவற்றை வைத்துப் பார்த்தால், மற்றவர்கள் தாமே முன்வந்து போட்ட கையெழுத்து எப்படிப்பட்டது என்று புரியும். 1540 மார்ச்சில் வால்தம் மடம் கடைசியாக ஒப்படைத்தது. நான்கே ஆண்டுகளில் சுமார் 800 மடங்கள் மறைந்தன.

கையெழுத்திட்டவர்களுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. மடாதிபதிகள் வசதியாகவே வாழ்ந்தார்கள். சாதாரணத் துறவிக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு அளவில் கிடைத்தது. கன்னியருக்குப் பெரும்பாலும் அதில் பாதிதான். பாதிரியாராகப் பணி தேடும் வழி அவர்களுக்கு இல்லை. 1539இல் வந்த ஆறு கோட்பாடுகள் சட்டம் கற்பு உறுதிமொழி இன்னும் கட்டுப்படுத்தும் என்றதால் திருமணம் செய்துகொள்ளவும் வழியில்லை. மடத்தை இழந்தும் மடத்தின் நோன்பிலிருந்து விடுபடாமல் நின்ற இந்தப் பெண்களைப் பற்றிப் பாடநூல்கள் பேசுவதில்லை. இதே சட்டம் இன்னொன்றையும் தெளிவாக்குகிறது. ஹென்றி புராட்டஸ்டன்ட் ஆகிவிடவில்லை. 1521இல் லூதரை எதிர்த்து நூல் எழுதி, விசுவாசக் காவலர் என்று போப்பிடம் பட்டம் பெற்றவர், பூசையில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்பதைக் கடைசிவரை விடவில்லை. போப் இல்லாத கத்தோலிக்கம் என்று அவருடைய திருச்சபையைச் சொல்வது ஏறத்தாழப் பொருந்தும்.

மடத்துக் கூரைகளின் ஈயத்தை உருக்கினார்கள். மணிகளை விற்றார்கள். கற்களை அக்கம்பக்கத்தார் வீடு கட்ட எடுத்துப்போனார்கள். நிலத்தை வைத்திருந்தால் அரசருக்கு நிலையான வருமானம் இருந்திருக்கும். ஆனால் 1540களில் பிரான்சோடும் ஸ்காட்லாந்தோடும் நடந்த போர்கள் அதை விழுங்கின. ஹென்றி 1547இல் இறப்பதற்குள் பெரும்பகுதி விற்கப்பட்டுவிட்டது. யார்க்ஷயரின் ஃபவுன்டன்ஸ் மடத்தை லண்டன் வணிகர் ரிச்சர்ட் கிரெஷம் வாங்கினார். வாங்கியவர்கள் பிரபுக்கள், வணிகர்கள், ஊர்ப்புற நிலக்கிழார்கள். நாடாளுமன்றத்தில் அமர்ந்தவர்களும் இவர்களே.

இதன் விளைவு கேத்தரினின் மகள் மேரி அரியணை ஏறியபோது தெரிந்தது. தந்தை அறுத்ததை ஒட்டவைக்க அவர் முனைந்தார். 1554 நவம்பரில் கூடிய நாடாளுமன்றம் ரோமுக்கு எதிரான ஹென்றியின் சட்டங்களை நீக்கி, போப்பாண்டவரின் அதிகாரத்தை மீண்டும் ஏற்றது. ஆனால் மடத்து நிலங்கள் வாங்கியவர்களிடமே இருக்கும் என்ற உறுதியைப் பெற்ற பிறகுதான் அது வாக்களித்தது. போப்பின் தூதராக வந்த கார்டினல் போலும் அதற்கு இணங்க நேர்ந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் உட்பட விரல்விட்டு எண்ணக்கூடிய சில மடங்களையே மேரியால் மீண்டும் திறக்க முடிந்தது. 1559இல் அவருடைய தங்கை எலிசபெத் அவற்றையும் மூடினார்.